வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்: கலோரி ஏறுமா, இறங்குமா?

பனீர் பட்டர் மசாலாவில் 40 கிராம் வெண்ணெயை எடுத்துவிட்டு அதே 40 கிராம் எண்ணெயை ஊற்றினால், கலோரி குறையாது, கூடும். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் முழுக்க முழுக்கக் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்பதால் வெண்ணெய் தருவது 288, எண்ணெய் தருவது 360. "எண்ணெய்க்கு மாறிட்டேன்" என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் இந்த 72 கலோரியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மாற்றிய சமையலுக்குப் புதுக் கணக்குப் போட, குறிப்பு முழுவதையும் முதலிலிருந்து கூட்ட வேண்டியதில்லை. பழைய மொத்தத்திலிருந்து வெளியே போன பொருளைக் கழித்து, உள்ளே வந்ததைச் சேர்த்தால் போதும். கொழுப்பு கிராமுக்கு 9, புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி. பொருளை மட்டும் எடை போட்டே எழுத வேண்டும். கரண்டிக் கணக்கு காலை வாரிவிடும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. 15 மில்லி பிடிக்கும் ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய் சுமார் 14 கிராம்தான்.

நான்கு பேருக்கான பனீர் பட்டர் மசாலாவையே எடுத்துக்கொள்வோம். பனீர் 200 கிராம், தக்காளி 300, வெங்காயம் 100, வெண்ணெய் 40, ஃப்ரெஷ் கிரீம் 100. எல்லாம் சேர்ந்து சுமார் 1,190 கலோரி, ஆளுக்கு ஏறத்தாழ 300. இதில் கிரீமின் பங்கு 245. கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம் கொழுப்பு, கூடவே கொஞ்சம் புரதமும் மாவுச்சத்தும்.

கிரீமுக்குப் பதில் தயிர் விடும்போது யாரும் அதே 100 கிராமோடு நிறுத்துவதில்லை. தயிர் நீர்த்தது, கிரேவி கெட்டிப்படாது. கை தானாகவே 150 கிராமுக்குப் போய்விடும். திரியாமல் இருக்க ஒரு டீஸ்பூன் கடலை மாவையும் கலக்குவார்கள். ஆவின் நீல பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். உறை ஊற்றுவதால் கொழுப்பு மாறாது. எனவே நீல பாக்கெட் தயிர் 150 கிராமில் கொழுப்பு 4.5 கிராம், கலோரி சுமார் 90. ஆரஞ்சு என்றால் 130க்குப் பக்கம். வீட்டுத் தயிருக்கு எண் தேடும்போது எந்தப் பாலில் தோய்த்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீல பாக்கெட் தயிரை வைத்துக் கணக்கிடுவோம். கிரீம் போய்த் தயிர் வந்ததில் 155 கலோரி மிச்சம். கடலை மாவு 10 சேர்க்கிறது. எண்ணெயும் அதே 40 கிராம் என்றால் இன்னொரு 72 ஏறுகிறது. ஆக, மிஞ்சுவது 73; ஆளுக்கு 18. இவ்வளவு சுவையை விட்டுக்கொடுத்ததற்கு இது அற்பம். எண்ணெயை இரண்டு டேபிள் ஸ்பூனாக, அதாவது 28 கிராமாகக் குறைத்தால்தான் மொத்தத்தில் 180, ஆளுக்கு 45 குறைகிறது. புரதம் கூடும் என்று நம்பித் தயிருக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: பானை முழுவதிலும் கூடுவது 4 கிராம்கூட இல்லை, ஆளுக்கு ஒரு கிராமுக்கும் கீழே. புளிப்பைச் சமாளிக்க முந்திரி விழுதைச் சேர்த்தால் நிலைமை மோசம். 20 கிராம் முந்திரி 110 கலோரிக்கு மேல் தரும்.

கலோரிக்காக அல்லாமல் வெண்ணெயை விடுவதற்கு வேறொரு நல்ல காரணம் இருக்கிறது, அது மொத்தக் கொழுப்புக் கணக்கில் தெரியாது. 40 கிராம் வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 20 கிராம். 28 கிராம் கடலெண்ணெயில் 5 கிராம் அளவுக்குத்தான். ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பே. அதற்கு மாறுவதால் இந்த விஷயத்தில் எந்த லாபமும் இல்லை.

கடைசியாக, பரிமாறும் கணக்கு. கிரேவி வைக்கும் முன்பே காலிப் பாத்திரத்தை எடை போட்டுக் குறித்துவையுங்கள்; சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு எடை போட்டுக் கழியுங்கள். பழைய முறையில் கிரேவி 720 கிராம் வந்தது என்று வைப்போம். தயிர் விட்டதில் தண்ணீர் கூடி 800 ஆகிறது. 100 கிராமுக்கு 165 கலோரியாக இருந்தது 126 ஆகத் தெரியும், கிட்டத்தட்ட கால்வாசி குறைந்ததுபோல. பானையில் உண்மையாகவே குறைந்தது 15 சதவீதம். மற்றது தண்ணீர் செய்த வேலை. நான்கில் ஒரு பங்கு என்று பிரித்துச் சாப்பிடுகிறவருக்கு ஆளுக்கு 253 என்பதே சரியான எண். 100 கிராம் கணக்கைப் பின்பற்றுகிறவர் தட்டில் விழும் கிரேவியையும் எடை போட வேண்டும், ஏனென்றால் இப்போது அவருடைய கால் பங்கு 180 அல்ல, 200 கிராம்.