ஓல்தோவும் பட்டும்

மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்பொழுது நான் அடிக்கடி காணும் வாக்கியம் ஒன்றுண்டு: ‘ஓல்தோ இட் ரெயின்ட், பட் ஹீ கேம்.’ இதிற் பிழை யாது?

‘பட்’ என்பது நமது ‘ஆனால்’ போன்றது. தனித்து நிற்கவல்ல இரு வாக்கியங்களைச் சமமாக இணைப்பது. ‘ஓல்தோ’ அவ்வாறன்று. தான் சேரும் வாக்கியத்தை அது தனித்து நிற்கவொட்டாது. மற்றொன்றைச் சார்ந்து நிற்கச் செய்யும். ‘மழை பெய்தபோதிலும், ஆனால் அவன் வந்தான்’ என்று நாம் சொல்வோமா? சார்ந்து நிற்பதைச் சமமானதெனக் கொண்டு ‘பட்’ இணைக்க இயலாது. இரண்டில் ஒன்றை, எதையேனும், நீக்கிவிடின் வாக்கியம் சீராகும். ‘பட்’ நின்ற இடத்தில் ‘யெட்’ வரலாம். ஏனெனில் அங்கே அது வினையடை, இணைப்புச் சொல்லன்று.

‘டெஸ்பைட்’ பொருளில் ‘ஓல்தோ’வை ஒத்ததேனும் இனத்தில் வேறு. அதன்பின் எழுவாயும் பயனிலையும் கொண்ட வாக்கியம் நேரே வாராது. பெயரே வரும்: ‘டெஸ்பைட் த ரெயின், ஹீ கேம்.’ ‘மழையையும் பொருட்படுத்தாது வந்தான்’ என்பதில் மழை பெயராக நிற்பதை நோக்குக. ‘டெஸ்பைட் ஹீ வாஸ் இல்’ என்பது பிழை. ‘டெஸ்பைட் பீயிங் இல்’ என்க. ‘இன் ஸ்பைட் ஒவ்’ என்பதை எண்ணி ‘டெஸ்பைட் ஒவ்’ என்றெழுதுவாருமுளர். அந்த ‘ஒவ்’ அங்கே வேண்டுவதில்லை.