பந்தலை எங்கே போடுவது?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையில் யாரும் பசியோடு வீடு திரும்புவதில்லை. தல்லாகுளத்திலிருந்து வண்டியூர் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு பந்தல் இருக்கும். அண்டாவிலிருந்து ஆவி பறக்கும். “சாமி, சாப்பிட்டுப் போங்க” என்று தொன்னையை நீட்டும் ஒரு கை இருக்கும். இன்னொரு பக்கம், வடம்போல முறுக்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் இளைஞர்கள் வரிசையாக நிற்பார்கள். சோறு போடுகிறவர்களையும் கயிறு பிடிக்கிறவர்களையும் நாம் வேறு வேறு ஆட்களாகப் பார்க்கிறோம். திருவிழாவுக்குள் நின்று வேலை செய்தவர்களைக் கேட்டால், இரண்டும் ஒரே வேலை என்பார்கள். கூட்டம் எங்கே நிற்கும், எங்கே நகரும் என்பதைத் தீர்மானிப்பதில் அண்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

சித்திரைத் திருவிழாவின் அமைப்பே இதற்குக் காரணம். மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் முடிந்த கையோடு அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்படுகிறார். சுமார் 20 கிலோமீட்டர் வழி. வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் பல்லக்கு நிற்கும், தீபாராதனை நடக்கும், பிறகு நகரும். மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் இரவு, சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் வைகை, ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி, வண்டியூர், அடுத்த நாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம், இரவில் தசாவதாரம், பிறகு பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்புதல். இதில் எந்த நாளிலும் கூட்டம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அழகரோடு நடக்கிறது, அவர் நின்றால் நிற்கிறது, அவர் வருவதற்கு முன்பே ஓடிப்போய் அடுத்த இடத்தைப் பிடிக்கிறது. அப்படி நகரும் கூட்டத்துக்குச் சோறு போடுவது கல்யாண மண்டபத்தில் பந்தி போடுவது போன்றதல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து ஆயிரம் பேருக்குச் சாம்பார் சாதம் போட நினைக்கிறார்கள். 100 கிலோ அரிசி, 35 கிலோ பருப்பு, காய்கறி, எண்ணெய். சமையல்காரர் நள்ளிரவில் அடுப்பு மூட்டினால் விடியற்காலைக்குள் இறக்கிவிடுவார். கையோட்டமுள்ள ஒருவர் ஆறு விநாடிக்கு ஒரு தொன்னை வீதம் அள்ளிக் கொடுக்கலாம். அதாவது நிமிடத்துக்குப் பத்துப் பேர். ஒரே ஒருவர் நின்று கொடுத்தால் ஆயிரம் பேருக்கு 100 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் வரிசை பொறுக்காது. பின்னால் நிற்பவர் முட்டுவார், முன்னால் நிற்பவர் பலகை மேல் சாய்வார். அதனால் நான்கு இடத்தில் வைத்துக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். 25 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதுவரை எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான்.

அனுபவமுள்ள தொண்டர் இந்த இடத்தில்தான் குறுக்கிடுவார். சோறு வாங்கியவர் மறைந்துவிடுவதில்லை. சூடான சாதத்தை ஊதி ஊதிச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, தொன்னையைப் போட்டுவிட்டு நகர ஐந்து நிமிடமாவது ஆகும். நிமிடத்துக்கு 40 பேர் வாங்கினால், எந்த நேரத்தில் பார்த்தாலும் 200 பேர் அருகிலேயே நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கையில் தொன்னையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்பவருக்கு ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும். 200 பேருக்கு 200 சதுர மீட்டர். தெரு ஆறு மீட்டர் அகலம் என்றால், முப்பது மீட்டருக்கும் மேல் தெரு முழுக்க அடைபட்டுவிடும். வேகமாகக் கொடுக்கக் கொடுக்க அடைப்பு கூடும். அந்த நேரத்தில் சாமி அதே தெருவில் திரும்பினால் என்ன ஆகும்?

அதனால் தெரிந்தவர்கள் ஊர்வலப் பாதையின் மேலேயே பந்தல் போடமாட்டார்கள். பக்கத்துச் சந்தில், காலி மனையில், பள்ளிக்கூட வளாகத்தில் போடுவார்கள். நுழைய ஒரு வழி, வெளியேற இன்னொரு வழி. சோறு வாங்கும் இடத்துக்கு அப்பால், வெளியேறும் வழியில்தான் தண்ணீரும் நீர்மோரும் இருக்கும். தாகமே ஆளை முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். குப்பைத் தொட்டி அதற்கும் அப்பால். தொன்னையையோ பாக்குமட்டைத் தட்டையோ போடுவதற்காக நடப்பவர் அப்படியே வெளியேறிவிடுவார். தண்ணீரையும் சோற்றையும் ஒரே மேசையில் வைத்த பந்தலைப் பாருங்கள், வாங்கியவர் மறுபடி கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். எந்த மேசை எங்கே என்பதை யோசித்து வைத்தவரின் பெயர் பதாகையில் இருக்காது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயரும் படமும் தெருவடைத்து நிற்கும். கொடுத்தவரைப் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கொடை யாரையும் நசுக்காமல் ஆயிரம் வாய்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணமானவரை நாம் பார்க்கத் தவறுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

எப்போது கொடுப்பது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பது முக்கியம். மேளச் சத்தம் நெருங்குகிறது என்றால் அரைமணி நேரத்துக்கு முன்பே கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். வாளிகளை உள்ளே இழுத்து, அண்டாவை மூடி, அடுப்பைத் தணித்துவிட வேண்டும். சாமி வரும் நேரத்தில் கூட்டம் திரும்பிப் பார்க்காமல் ஓடும், கொதிக்கும் அண்டா அந்தப் பாதையில் இருக்கக் கூடாது. “இன்னும் கொஞ்சம்தானே இருக்கு, கொடுத்து முடிச்சிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மறுப்புச் சொல்லும் துணிவு ஒருவருக்காவது வேண்டும். சாமி கடந்து போனபின் அதே சோற்றைக் கொடுக்கலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சித்திரை வெயிலில் இறக்கி வைத்த சாம்பார் சாதம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் நம்ப முடியாது. ஓரத்தில் நீர் விட்டு, கரண்டியில் நூல் போல இழுத்தால் அதைக் கொடுக்கவே கூடாது. வாடை மாறாத சோறும் கெட்டிருக்கலாம் என்பதால் நேரக் கணக்குத்தான் முதல் காவல். வெகுநேரம் வைத்திருக்க வேண்டிய இடத்துக்குப் புளியோதரை ஏற்றது, புளியும் எண்ணெயும் அதைத் தாங்கும். தயிர் சாதம் என்றால் பாலை நிறைய விட்டுத் தயிரைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். அண்டாவின் மேல் சாக்பீஸால் இறக்கிய மணியை எழுதி வைக்கும் பழக்கம் எல்லாப் பந்தலுக்கும் வர வேண்டும்.

இனி கயிறு பிடிப்பவர்கள் பக்கம் வருவோம். கூட்ட நெரிசலில் மிதிபட்டுத்தான் ஆட்கள் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலான சாவுகள் நின்றபடியே நடக்கின்றன. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை ஒருவருக்கொருவர் வழிவிட்டு நகர முடியும். ஐந்து, ஆறு என்று ஏறும்போது யாரும் தன் விருப்பப்படி காலெடுத்து வைக்க முடியாது. நாலாபுறமும் அழுத்தம் சேர்ந்து நெஞ்சு விரிய இடமில்லாமல் போகிறது, மூச்சு முட்டுகிறது. பின்னால் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. சாமியைப் பார்க்கும் ஆசையில் அவர் ஓர் அடி முன்னால் வைப்பார், அந்த ஓர் அடி ஐம்பது வரிசை தாண்டி முன்னால் இருப்பவரின் விலாவில் போய் இறங்கும். ஆகவே தொண்டர்கள் முன்னால் மட்டும் நின்று “தள்ளாதீங்க” என்று கத்துவதில் பயன் குறைவு. கூட்டத்தின் வாலில் ஒருவர் நின்று புதிதாக வருபவர்களை நிறுத்த வேண்டும். மேட்டில் ஏறி நிற்பவர் ஒருவர் இருவருக்கும் நடுவே கண்ணாக இருக்க வேண்டும்.

அந்தக் கண் எதைத் தேடுகிறது? தலைகள் ஒன்றாகச் சேர்ந்து வயல் நெற்கதிர் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புகின்றனவா என்று பார்க்கிறது. கையைத் தூக்கியவர் திரும்பக் கீழே இறக்க முடியாமல் நிற்கிறாரா, குழந்தைகளைத் தோளுக்கு மேலே தூக்கிக் கொடுக்கிறார்களா என்று பார்க்கிறது. இவை தெரிந்த நொடியில் பின்வரும் ஆட்களை நிறுத்தி, பக்கவாட்டில் வழி திறக்க வேண்டும். அழகர் விழாவில் இன்னொரு கவலையும் உண்டு. நாட்டுச்சர்க்கரை நிரப்பிய செம்பின் மேல் சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டும் வழக்கம். நெருக்கத்தில் அந்தச் சிறு நெருப்பு எவர் முந்தானையிலும் பற்றலாம். சூடம் ஏற்றுகிறவர்களைக் கூட்டத்தின் ஓரத்துக்கு அழைத்து வருவது பெண் தொண்டர்களுக்கே நன்றாகக் கைவருகிறது. “அக்கா, இங்கே வந்து ஏத்துங்க, சாமி இந்தப் பக்கம்தான் திரும்பும்” என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அதட்டலுக்கு நகராத கூட்டம் இப்படிச் சொன்னால் நகர்கிறது.

2022-இல் நடந்ததை மதுரை மறக்கவில்லை. கொரோனாவால் இரண்டு ஆண்டு பக்தர்கள் இல்லாமல் நடந்த விழா, அந்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று மறுபடி மக்களோடு நடந்தது. ஆற்றில் இறங்கும் இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ஆற்றுக்குள் நுழைவதைவிட அங்கிருந்து வெளியேறுவதுதான் கடினம். நுழையும்போது மக்கள் இரவெல்லாம் சிறிது சிறிதாக வருகிறார்கள். தரிசனம் ஆனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கரையேறப் பார்க்கிறார்கள். ஆகவே வைகைக் கரையில் பந்தல் போட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கரையேறும் படிக்கட்டுக்கும் பாலத்தின் வாய்க்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுக்காதீர்கள். அங்கே பத்துப் பேர் நின்றால் பின்னால் ஆயிரம் பேர் நிற்பார்கள்.

நாள் கணக்கில் வேலை நீளும்போது தொண்டர்களின் உடம்பு ஒரு கட்டத்தில் சொன்னபடி கேட்காது. முதல் நாள் உற்சாகம், இரண்டாம் நாள் பழக்கம், மூன்றாம் நாள் தூக்கமின்மை. குரல் கட்டிப்போகும், கோபம் எளிதில் வரும், கொதிக்கும் வாளி கைதவறும். தசாவதாரம் விடியவிடிய நடக்கும் ராமராயர் மண்டபத்தில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும், அவர்களுக்கான சோற்றை முதலிலேயே எடுத்துத் தனியாக மூடி வைக்க வேண்டும். ஆயிரம் பேருக்குப் பரிமாறியவர் கடைசியில் வெறும் மோர் குடித்துவிட்டுப் படுப்பது பல பந்தல்களில் நடக்கிறது. அதைத் தியாகம் என்று கொண்டாட வேண்டாம். பசித்தவர் கையில் கயிறு தளரும்.

திருக்கல்யாண விருந்துக்கு முந்தைய நாள் சேதுபதி பள்ளி வளாகத்துக்குப் போனால் வேறொரு காட்சி. அடுத்த நாள் பெருந்திரளுக்குப் பரிமாற வேண்டிய காய்கறிகளை நறுக்க, பெண்களும் ஆண்களும் தங்கள் வீட்டு அருவாமனையோடும் கத்தியோடும் வருகிறார்கள். மீனாட்சி வீட்டுக் கல்யாணம் என்று சாப்பிட்டவர்கள் மொய்யும் எழுதிவிட்டுப் போகிறார்கள். நறுக்குவது ஒரு நாள், சமைப்பது ஓர் இரவு, பரிமாறுவது ஒரு பகல் என்று வேலை பிரிந்திருப்பதால் யாரும் மூன்றையும் சுமப்பதில்லை. தெருப் பந்தல்காரர்கள் இங்கே கற்றுக்கொள்ள இடமுண்டு.

பூப்பல்லக்கு முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள், நல்ல பந்தல்காரர்கள் பாத்திரக் கடைக்கு அண்டாவைக் கொடுக்கும் முன் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுகிறார்கள்: எத்தனை கிலோ மிஞ்சியது, எந்த நேரத்தில் வரிசை நின்றுபோனது, தண்ணீர்க் கேன் எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எத்தனை பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்த்தார்கள், அடுத்த ஆண்டு மேசையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும். யாருக்காவது சால்வை போர்த்த நினைத்தால், அந்த நோட்டை எழுதியவருக்குப் போர்த்துங்கள்.