ஐந்தாம் மாதம் திரும்பி வருகிற மனைவி

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் விடாமல் நிற்கிற வழக்கம். வளைகாப்பு முடிந்து போகிற பெண், குழந்தைக்கு மூன்றோ ஐந்தோ மாதம் ஆனபிறகு நல்ல நாள் பார்த்துத் திரும்பி வருகிறாள். வழக்கத்தில் நியாயம் நிறைய இருக்கிறது. பத்தியச் சாப்பாடு கிடைக்கும், காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டத் தெரிந்த கை இருக்கும், அழுகிற குழந்தையைக் கேட்காமலே வாங்கிக்கொள்ள இன்னொரு மடி இருக்கும். தனியாக நகரத்து அடுக்ககத்தில் பிள்ளை வளர்க்கிற எந்தப் பெண்ணும் இதற்காக ஏங்குவாள்.

ஆனால் அந்த மாதங்களில் கணவன் எங்கே இருக்கிறான்? சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வருகிறான். மாமியார் பரிமாறியதைச் சாப்பிட்டு, குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஞாயிறு இரவு திரும்புகிறான். மற்ற நாட்களில் வீடியோ கால். இதற்குள் மனைவி பசி அழுகையையும் தூக்க அழுகையையும் பிரித்தறியக் கற்றுவிடுகிறாள். எந்தத் தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் வரும், எத்தனை மணிக்கு நச்சரிப்பு தொடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. திரும்பி வருகிற நாளில் வீட்டில் ஒரு ஆசிரியரும் அன்றுதான் பள்ளியில் சேர்ந்த மாணவனும் இருக்கிறார்கள். அவன் துணியைத் தப்பாகக் கட்டுகிறான், தலையைச் சரியாகத் தாங்காமல் தூக்குகிறான். "விடுங்க, நானே பாத்துக்கறேன்" என்கிறாள் அவள். சலிப்பில் வருகிற சொல்தான். பத்து முறை கேட்டவன் பதினொன்றாம் முறை கையை நீட்டுவதில்லை. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது அதே பெண் தன் தோழியிடம், "இவருக்கு எதுலயும் அக்கறையே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேர் மீதும் பெரிய தப்பில்லை. ஆனாலும் நட்பு அங்கேதான் தேயத் தொடங்குகிறது.

குழந்தை வந்தபின் தாம்பத்தியம் ஆட்டம் காண்பது நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் லெமாஸ்டர்ஸ் 1957இலேயே, பெற்றோர் ஆவதை ஒரு நெருக்கடி என்று எழுதிப் பலரைக் கோபப்படுத்தினார். பிறகு சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் ஷபிரோ, ஜான் காட்மன் ஆகியோர் புதுமணத் தம்பதிகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2000இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தாயான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு மணவாழ்வில் திருப்தி இறங்கிப்போயிருந்தது. மீதிப் பேருக்கு இறங்கவில்லை, சிலருக்கு ஏறவும் செய்தது. இவர்களிடம் என்ன வேறாக இருந்தது என்று தேடியதுதான் அந்த ஆய்வின் சுவையான பகுதி.

விடை, குழந்தை பிறப்பதற்கு வெகுமுன்பே, திருமணமான புதிதில் எடுத்த பேட்டியில் கிடைத்தது. எப்படிச் சந்தித்தீர்கள், முதல் வருடம் எப்படிப் போயிற்று என்று கேட்டபோது, மனைவியைப் பற்றிப் பிரியத்தோடு பேசிய கணவர்கள், அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பதைக் கவனித்துவைத்திருந்த கணவர்கள் இருந்த வீடுகள்தான் தாங்கி நின்றன. ஆய்வு சிறியது, அமெரிக்கத் தம்பதிகளைப் பற்றியது. நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அது சுட்டுகிற இடம் முக்கியமானது. ஒருவர் இன்றைய நாளை மற்றவர் அறிந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அவளுக்குப் பிடித்த நிறம், பிடித்த நடிகர் எல்லாம் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். குழந்தை எடை கூடவில்லையே என்று அவள் மூன்று நாளாக மனதுக்குள் உழல்வது தெரியுமா?

அதைத் தெரிந்துகொள்ள விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கத் தூங்கியிருக்க வேண்டும். ஆகவே காதலைப் பற்றிய இந்தக் கட்டுரை கொஞ்ச நேரம் தூக்கத்தைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். ஆனால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழும். பெரியவர்களின் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருவது. சுற்றை நடுவில் அறுத்துக்கொண்டே போனால், படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் களைப்பு போகாது. கலிபோர்னியாவில் ஏமி கார்டன், செரீனா சென் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் தம்பதிகளின் சண்டை கூடியதையும், எதிராளியின் உணர்வைப் படிக்கும் திறன் குறைந்ததையும் கண்டார்கள். ஒருவர் தூங்காமல் இருந்தாலே போதும், இருவருக்கும் கெடுதல்.

நம் வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் வழி ஒன்று உண்டு. "நீ காலையில ஆபீஸ் போகணும், ஹால்ல போய்ப் படு" என்று பெரியவர்கள் கணவனை அனுப்பிவிடுவார்கள். ஒருவராவது தூங்கட்டுமே என்ற நல்லெண்ணம். விளைவு, ஒருவர் முழுக்கத் தூங்கி ஒருவர் முழுக்க விழித்து, காலையில் இரண்டு வேறு ஊர்க்காரர்களாக எழுவது.

இரவைப் பங்கு போடுவது எப்படி என்று ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். குழந்தைக்கு இரண்டு மாதம், தாய்ப்பால் மட்டும். மனைவி ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தூங்கிவிடுகிறாள். இரவு இரண்டு மணி வரை குழந்தை கணவன் பொறுப்பு. நடுவில் பன்னிரண்டு மணிக்கு எழுந்தால், முன்கூட்டியே பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பாலை வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையாலோ சங்காலோ அவன் புகட்டுகிறான். இரண்டு மணிக்கு மேல் அவள் முறை, அவன் ஏழு மணி வரை தூங்குகிறான். இருவருக்கும் ஆளுக்கு ஐந்து மணி நேரம், அறுபடாமல். சொர்க்கம் இல்லை. ஆனால் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கிய ஆளோடு பேச முடியும்.

இதை முதல் வாரத்திலேயே தொடங்கக் கூடாது. பால் சுரப்பு நிலைப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரவில் பால் கொடுப்பது சுரப்புக்கு முக்கியம். அதுவரை கணவன் செய்யக்கூடியது, பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாம். குழந்தையைத் தூக்கிக் கொண்டுவந்து கொடுப்பது, குடித்தபின் வாங்கி ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது. பால் குடிக்க இருபது நிமிடம் என்றால் மற்றதற்கு நாற்பது நிமிடம் போகும். அந்த நாற்பது நிமிடம்தான் அவள் தூக்கம்.

இந்தப் பங்கீட்டில் இன்னொரு லாபம், கணவன் மேற்பார்வை இல்லாமல் குழந்தையோடு தனியாக இருப்பது. யாரும் பார்க்காதபோதுதான் கை பழகும். அவன் வேறு மாதிரி தட்டித் தூங்கவைத்தால் தூங்கவைக்கட்டும். குழந்தைக்கு ஆபத்து இல்லாத எதையும் திருத்தாமல் விடுவது மனைவி கற்க வேண்டிய கடினமான பாடம்.

"சொன்னா செஞ்சிருப்பேனே" என்று கணவர்கள் சொல்வது எல்லா வீட்டிலும் கேட்பது. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் இதைப் பிரித்துக் காட்டினார். வீட்டு வேலைக்குள் கண்ணுக்குத் தெரியாத வேலைகள் நான்கு உண்டு: வரப்போவதை முன்கூட்டி நினைப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. இவற்றில் முதலும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுவதை அவர் கண்டார். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி தேதியை நினைவில் வைத்து, அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்து, கணவன் வண்டி மட்டும் ஓட்டினால் அவன் ஓட்டுநர். தேதி, அட்டை, அலுவலகத்தில் விடுப்பு, காய்ச்சல் வந்தால் என்ன மருந்து எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்பது, அன்றிரவு விழித்திருப்பது, இதெல்லாம் அவனுடையது என்றால் அவள் மனதிலிருந்து ஒரு விஷயம் முழுசாக இறங்கும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழுசாக ஒப்படைப்பதே பலன் தரும்.

இனிப் பேச்சு. காட்மனின் இன்னொரு கண்டுபிடிப்பு இது. மணவாழ்வில் ஒருவர் மற்றவரைச் சின்னச் சின்னதாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். "இங்க பாருங்க, சிரிக்கிறான்" என்பது அப்படி ஒரு கூப்பாடு. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் சேர்ந்திருந்த தம்பதிகள் இப்படிப்பட்ட நூறு அழைப்புகளில் சுமார் 86க்குத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33க்கு. திரும்பிப் பார்க்க ஐந்து விநாடி போதும், கையில் போன் இல்லாவிட்டால்.

பதில் சொல்லும் விதமும் உண்டு. "இன்னைக்கு ரெண்டு தடவ கக்கிட்டான்" என்கிறாள் அவள். "டாக்டர்ட்ட காட்டலாமா?" என்பது பொறுப்பான பதில்தான். ஆனால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "பயந்துட்டியா? அப்புறம் என்ன பண்ணினே?" என்று கேட்டால் அவளுடைய அந்த நாள் முழுவதும் வெளியே வரும். அவனுடைய நாளையும் அவள் கேட்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், குழந்தைக்கு என்ன வாங்குவது என்ற பேச்சு இல்லாமல். வெளியே சாப்பிடப் போவதெல்லாம் அதற்கப்புறம்.

உடலைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பால் கொடுக்கும் காலத்தில் புரோலாக்டின் கூடி ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. ஆசை மங்குவதும், உறவில் வறட்சியும் வலியும் இதனால் வருபவை. நாள் முழுக்க ஒரு குழந்தை உடம்பைப் பற்றிக்கொண்டே இருந்தபின் இன்னொரு கை படுவதே சலிப்பாக இருக்கலாம். கணவன் இதைத் தன்னை ஒதுக்குவதாக எடுத்துக்கொள்கிறான், அவள் குற்ற உணர்வில் ஒதுங்குகிறாள். வழக்கமாக ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு உறவு கொள்ளலாம் என்பார்கள். அது அனுமதி, கெடு அல்ல. வலி நீடித்தால் மருத்துவரிடம் சொல்லலாம், வறட்சிக்கு எளிய தீர்வு உண்டு. மாதவிலக்கு வராவிட்டாலும் கரு உண்டாகலாம் என்பதால் கருத்தடை பற்றி அந்தப் பரிசோதனையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இவை எதுவும் உதவாத நிலையும் உண்டு. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு, இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லை என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சைக்குரிய நோய் அது, பங்கீடும் பேச்சும் அதற்கு மருந்தாகாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். தன்னையோ குழந்தையையோ என்னவாவது செய்துவிடலாம் என்று தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தகப்பன்களுக்கும் இந்தச் சோர்வு வருகிறது, அவர்கள் பெரும்பாலும் அதைக் கோபமாகக் காட்டுகிறார்கள்.

கடைசியாக, பெண்ணைப் பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தால் விருந்தைச் சுருக்குங்கள். குழந்தையை அவர் காலில் போட்டுக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுங்கள். அன்று இரவு ஒரு முறை அவரே எழுந்து பார்க்கட்டும், நீங்கள் அடுத்த அறையில் படுத்துக்கொள்ளுங்கள்.