டென்னிங் சொன்னதும் தீர்த்ததும்

ஹை ட்ரீஸ் வழக்கில் (1947) வாக்குறுதி நில உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் என்று நீதிபதி டென்னிங் தீர்த்தார்: தேர்வுத்தாள்களில் அடிக்கடி வரும் வாசகம் இது. பாதிதான் சரி.

லண்டன் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஆண்டு வாடகை 2,500 பவுண்டு. போரில் குடியிருப்புகள் காலியானதால் 1940இல் அதைப் பாதியாக்கினார்கள். 1945 தொடக்கத்தில் கட்டடம் நிரம்பியது. அந்த ஆண்டின் கடைசி இரண்டு காலாண்டுகளுக்கு முழு வாடகை கேட்டு வழக்கு. உரிமையாளர் தரப்பே வென்றது.

ஆகவே முதலில் எழுத வேண்டியது, கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பதே. சலுகை போர்க்கால நிலைமைக்கு மட்டும், அது முடிந்ததும் சலுகையும் முடிந்தது: இதுதான் ரேஷியோ. இதைத் தலைகீழாக்கினால் முடிவு கவிழ்ந்துவிடும். 1940–45 பாக்கியைக் கேட்டிருந்தால் வாக்குறுதி தடுத்திருக்கும் என்ற பகுதியை நீக்கிப் பாருங்கள், முடிவு அசையாது. அது ஒபிட்டர். யாரும் கேட்காத பாக்கி அது.

ஒபிட்டர் என்றதும் தள்ளிவிடுவதுதான் அடுத்த பிழை. கோம்ப் வழக்கில் (1951) மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்கோட்பாட்டை ஏற்று, அதன் பேரில் மட்டும் புதிதாக வழக்குத் தொடுக்க முடியாது என்று வரம்பும் கட்டியது.