33 நிமிட நிறுத்தமும் ஒரு நடுவர் அறிக்கையும்

2015 மார்ச் 27 இரவு. மாண்டினீக்ரோவின் தலைநகர் பொட்கோரிட்சாவில் யூரோ 2016-க்கான தகுதிச் சுற்று ஆட்டம். எதிரணி ரஷ்யா. ஜெர்மனியைச் சேர்ந்த நடுவர் டெனிஸ் அய்டெகின் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கி வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பார்வையாளர் பக்கமிருந்து எரிந்துகொண்டே பறந்து வந்த ஒரு ஃப்ளேர், ரஷ்ய கோல்கீப்பர் இகோர் அகின்ஃபெயெவின் தலையின் பின்பக்கம் பட்டது. அவர் அங்கேயே சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கி, ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் தீக்காயம், தலையில் அதிர்ச்சி. மாற்று கோல்கீப்பராக யூரி லோதிகின் இறங்கினார்.

ஆட்டம் 33 நிமிடம் நின்றது. பிறகு தொடர்ந்தது. இரண்டாம் பாதியில் ரஷ்யாவுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. ஷிரோகோவ் அடித்தது கோலாகவில்லை. உடனே மறுபடியும் பொருள்கள் பறந்து வந்தன. ரஷ்ய வீரர் திமித்ரி கொம்பாரோவ் மீதும் ஒன்று பட்டது. இரு அணி வீரர்களும் கைகலப்பில் இறங்கினார்கள். 67-வது நிமிடத்தில், 0-0 என்ற நிலையில், அய்டெகின் ஆட்டத்தைக் கைவிட்டார்.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கதை இங்கே முடிந்தது. நடுவருக்கு வேலை இதன் பிறகுதான். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, நடந்ததை எழுத்தில் வைக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்தவும், இடைநிறுத்தவும், கைவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கைவிட்ட ஆட்டத்தில் யார் வென்றது, யாருக்கு என்ன தண்டனை என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அது போட்டியை நடத்தும் அமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் வேலை. அந்தக் குழுவில் இருப்பவர்கள் அன்று மைதானத்தில் நின்றவர்கள் அல்லர். அவர்கள் முன் வரும் முதல் சாட்சி நடுவரின் அறிக்கைதான். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவின் விதிப்படி, அதிகாரபூர்வ அறிக்கைகளில் உள்ள தகவல்கள் சரியானவை என்றே எடுத்துக்கொள்ளப்படும். தவறு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இவ்வளவு கனம் அந்தச் சில பக்கங்களுக்கு இருப்பதால்தான், அவற்றில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்பது முக்கியமாகிறது.

முதலில் காயம். ஒரு வீரர் விழுந்து கிடக்கும்போது நடுவர் தன் கண்ணால் பார்ப்பது மிகக் குறைவு. பெரும்பாலும் அவருடைய பார்வை பந்து இருக்கும் பக்கம் இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது ஆள் தரையில் இருப்பார். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதை மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும். பொட்கோரிட்சா போன்ற ஒரு சம்பவத்துக்கு இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். இரண்டும் விளக்கத்துக்காக நான் எழுதியவை.

"உள்ளூர் ரசிகர்கள் வேண்டுமென்றே குறிவைத்து வீசிய ஃப்ளேரால் கோல்கீப்பரின் கழுத்து வெந்து, மூளை அதிர்ச்சி ஏற்பட்டது."

"முதல் நிமிடத்தில், கோலுக்குப் பின்னாலுள்ள பார்வையாளர் பகுதியிலிருந்து எரியும் ஃப்ளேர் ஒன்று மைதானத்துக்குள் வந்தது. அது கோல்கீப்பர் மேல் பட்டதை நான் பார்க்கவில்லை. என் துணை நடுவர் பார்த்தார், அவருடைய குறிப்பை இணைத்துள்ளேன். நான் திரும்பியபோது கோல்கீப்பர் தரையில் கிடந்தார், பக்கத்தில் ஃப்ளேர் எரிந்துகொண்டிருந்தது. உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை அழைத்தேன். அவர் ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். மருத்துவமனைக்கு அனுப்பியதாக அணி மருத்துவர் என்னிடம் தெரிவித்தார்."

முதலாவது படிக்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு சொல்லையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்து இழுக்கலாம். வேண்டுமென்றே என்று எப்படித் தெரியும்? உள்ளூர் ரசிகர் என்று யார் சொன்னது? மூளை அதிர்ச்சி என்று முடிவுசெய்ய நடுவர் என்ன மருத்துவரா? ஒரு சொல் ஆட்டம் கண்டால் மீதி அறிக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இரண்டாவதில் கண்டது, கேட்டது, யாரிடம் கேட்டது எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. "நான் பார்க்கவில்லை" என்ற வரிதான் அதில் மிக வலுவான வரி என்பேன். அதை எழுதத் துணிந்தவர் "பார்த்தேன்" என்று எழுதும் இடத்தில் சந்தேகம் எழாது.

இது வெறும் எழுத்து நேர்த்தி பற்றிய பேச்சல்ல. 1989 செப்டம்பர் 3 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலும் சிலியும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதின. பிரேசில் 1-0 என முன்னிலையில் இருந்தது. தோற்றால் சிலி வெளியே. இரண்டாம் பாதியில் பார்வையாளர் பக்கமிருந்து ஒரு ஃப்ளேர் உள்ளே விழுந்தது. புகைக்குள் சிலி கோல்கீப்பர் ரொபெர்ட்டோ ரோஹாஸ் சுருண்டு கிடந்தார், முகமெல்லாம் ரத்தம். சக வீரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். திரும்பி வர மறுத்துவிட்டார்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த நடுவர் ஹுவான் கார்லோஸ் லுஸ்தாவ் முன் இருந்தவை ஒரு ஃப்ளேர், விழுந்து கிடக்கும் ஓர் ஆள், ரத்தம். இந்த மூன்றையும் இணைத்து "ஃப்ளேரால் காயம்" என்று யாருக்கும் எழுதத் தோன்றும். ஆனால் ரிக்கார்டோ அல்ஃபியேரி என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களில், ஃப்ளேர் ரோஹாஸ் மேல் படவே இல்லை, தள்ளித்தான் விழுந்தது என்பது தெரிந்தது. கையுறையில் ஒளித்து வைத்திருந்த பிளேடால் அவரே தன் நெற்றியைக் கீறிக்கொண்டிருந்தார். பிரேசிலுக்கு 2-0 என வெற்றி தரப்பட்டது. 1994 உலகக் கோப்பைக்கான போட்டிகளில் சிலி பங்கேற்கத் தடை வந்தது. ரோஹாஸுக்கு ஆயுள் தடை; அது 2001-ல்தான் நீங்கியது.

அகின்ஃபெயெவின் காயம் உண்மை, ரோஹாஸின் காயம் நாடகம். ஆனால் அந்தக் கணத்தில் மைதானத்தின் நடுவே நிற்கும் மனிதருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்டதை மட்டும் எழுதுபவர் இரண்டு நாளிலும் பிழைத்துக்கொள்வார்.

அடுத்து கூட்டம். ஆயிரக்கணக்கானோர் கத்தும்போது "கூட்டம் கட்டுப்பாட்டை இழந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். விசாரணைக்கு அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. எந்த நிமிடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, என்ன பொருள் வந்தது, யாராவது மைதானத்துக்குள் இறங்கினார்களா, வீரர்களில் முதலில் கை ஓங்கியவர் என்ன எண் அணிந்திருந்தார் என்பவைதான் வேண்டும். இதெல்லாம் ஒருவருடைய நினைவில் நிற்காது. அதனால்தான் தள்ளுமுள்ளு நடக்கும்போது நடுவர்கள் எல்லோரும் அதற்குள் பாய்வதில்லை. ஒருவர் விலக்கிவிடப் போனால், மற்றவர் சற்றுத் தள்ளி நின்று யார் என்ன செய்கிறார் என்று கவனித்துக் குறித்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா நிற்பதுபோலத் தோன்றும். அறிக்கையில் பாதி அவருடைய குறிப்பிலிருந்துதான் வரும்.

ஐரோப்பிய விதிகளில் இன்னொன்றும் உண்டு. ரசிகர்கள் செய்ததற்கு அந்த அணியின் சங்கமே பொறுப்பு. "எங்கள் பக்கம் கவனக்குறைவே இல்லை" என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. எனவே எந்தப் பகுதியிலிருந்து பொருள் வந்தது என்ற ஒரே விவரத்தில் பெரிய அபராதம் தொங்குகிறது. நடுவர் பகுதியைச் சொல்லலாம். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாருடைய ரசிகர்கள் என்பதை டிக்கெட் கணக்கும் கேமராப் பதிவும் வைத்திருப்பவர்கள் சொல்லட்டும்.

நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது அந்த 33 நிமிடங்களை. ஒரு கோல்கீப்பர் மருத்துவமனைக்குப் போன பிறகு அதே கூட்டத்தின் முன் மீண்டும் ஆடலாம் என்ற முடிவு எப்படி வந்தது? நடுவரிடம் அந்த நேரத்தில் பலரும் பேசுவார்கள்: அமைப்பின் பிரதிநிதி, பாதுகாப்பு அதிகாரி, காவல்துறை, இரு அணி நிர்வாகிகள். அவர்களில் யார், எத்தனை மணிக்கு, என்ன உறுதி கொடுத்தார்கள் என்பது அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் எல்லோரும் கையை விரித்துவிடுவார்கள்.

2021 நவம்பர் 21 அன்று பிரான்ஸில் லியோன்–மார்செய் ஆட்டத்தில் இதைக் கண்டோம். கார்னர் அடிக்கப் போன திமித்ரி பயே தலையில் தண்ணீர் பாட்டில் பட, நடுவர் ரூடி புகே இரு அணிகளையும் உள்ளே அழைத்துச் சென்றார். வெகுநேரம் கழித்து, ஆட்டம் தொடரும் என்று மைதான ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. லியோன் வீரர்கள் பயிற்சிக்கு இறங்கினார்கள். பிறகு ஆட்டம் கைவிடப்பட்டதாக இன்னொரு அறிவிப்பு. நடுவர் தொடர ஒப்புக்கொண்டார் என்றது லியோன் நிர்வாகம். தொடரக்கூடாது என்பதே தன் முடிவாக இருந்தது என்றார் நடுவர். கடைசியில் லியோனுக்கு ஒரு புள்ளி குறைக்கப்பட்டு, ஆட்டம் பார்வையாளர் இல்லாமல் மறுபடி நடந்தது. பாட்டிலை யார் எறிந்தார் என்பதைவிட, யார் என்ன சொன்னார் என்பதுதான் அங்கே பெரிய சண்டையானது.

பொட்கோரிட்சாவில் ஆட்டத்தைத் தொடர்ந்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். தலையில் எரியும் பொருள் பட்டு ஒருவர் விழுந்த பிறகு, அடுத்தது வராது என்று யாரும் உறுதி தந்திருக்க முடியாது. அடுத்தது வரவும் செய்தது. ஆனால் நடுவர் அறிக்கையில் இப்படிப்பட்ட கருத்துக்கு இடமில்லை. "இந்த அணியைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும்" என்று எழுதும் நடுவர், சாட்சி என்ற இடத்தைவிட்டு இறங்கி வழக்காடுபவராகிவிடுகிறார்.

2015 ஏப்ரல் 8 அன்று யூஃபா தீர்ப்பளித்தது. ஆட்டம் 3-0 என ரஷ்யாவுக்குத் தரப்பட்டது. மாண்டினீக்ரோ சங்கத்துக்கு 50,000 யூரோ அபராதம், கூடவே சொந்த மண்ணில் பார்வையாளர் இல்லாமல் ஆட வேண்டும் என்ற தண்டனையும். ரஷ்யத் தரப்பின் நடத்தைக்கு 25,000 யூரோ அபராதம். அந்தப் பிரிவில் ரஷ்யா 20 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பிடித்து நேரடியாக யூரோவுக்குத் தகுதி பெற்றது. 18 புள்ளிகள் எடுத்த ஸ்வீடன் மூன்றாமிடத்தில் நின்று பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது.

பள்ளி மைதானத்திலும் ஊர்த் திருவிழாப் போட்டியிலும் விசில் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருக்காவது பலத்த அடிபட்டு, கூட்டமும் உள்ளே புகுந்த நாளில், வீடு போய்ச் சேருமுன் உட்கார்ந்து எழுதுங்கள். முதலில் நேரங்களை எழுதுங்கள், பிறகு கண்டதை, அதற்கும் பிறகு யார் சொல்லக் கேட்டீர்கள் என்பதை. உங்கள் துணை நடுவரை உங்களிடம் கலந்து பேசாமல் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாள்களும் ஒத்துப்போகாத இடத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.