மூன்றாவது கட்டத்தில் ஒளிந்த வேலைகள்

கோவையில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறார் ஓர் இளைஞர். கோடிங், டெஸ்டிங், போனில் சப்போர்ட், பணம் வசூல் எல்லாம் அவர் ஒருவரே. ஒரு காலத்தில் அவருடைய போர்டில் நாற்பது கார்டுக்கு மேல் தொங்கின. அதில் ஒன்பது, ‘செய்துகொண்டிருப்பது’ என்ற கட்டத்தில். தள்ளுபடி தப்பாகக் கழிகிறது என்று சொன்ன கடைக்காரர் மூன்று வாரம் காத்திருந்தார்.

இது சோம்பேறித்தனம் இல்லை, வகுத்தல் கணக்கு. வாரத்துக்குச் சராசரியாக மூன்று கார்டு முடிக்கிறவர் ஒன்பதைக் கையில் வைத்திருந்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாக மூன்று வாரம் பிடிக்கும். 1961ல் நிரூபிக்கப்பட்ட லிட்டில் விதி சொல்வது இதைத்தான். அதே ஆள், அதே வேகத்தில், கையில் இரண்டு மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் ஒரு கார்டு வெளியே போய்விடும்.

ஆகவே எல்லை வைத்தார்: கையில் இரண்டு, அதற்கு மேல் இல்லை. திங்கள்கிழமை காலையில் திட்டம். கடந்த மூன்று வாரங்களில் முடித்தவை 3, 2, 4 என்றால் இந்த வாரத்துக்கு மூன்றுதான். ஆசை ஐந்து என்று சொன்னாலும் மூன்றுதான். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்யும் தேதி விழுகிற வாரத்தில் கடைகளிலிருந்து போன் ஓயாது என்பதால் அந்த வாரம் ஒரே கார்டு. இரண்டு நாளைத் தாண்டும் வேலையை உடைத்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார்.

 

சிக்கல் முளைத்தது வேறு இடத்தில். போர்டில் மூன்றாவதாக ‘காத்திருப்பு’ என்று ஒரு கட்டம். கடைக்காரர் பதில் சொல்லவேண்டும், ஆப் ஸ்டோர் அனுமதி தரவேண்டும் என்றால் கார்டை அங்கே நகர்த்தலாம். அந்தக் கட்டத்துக்கு அவர் எல்லை வைக்கவில்லை. சில வாரங்களில் அங்கே ஆறு கார்டு சேர்ந்துவிட்டன. ‘செய்துகொண்டிருப்பது’ கட்டத்தில் இரண்டே இரண்டு. பார்க்க லட்சணமான போர்டு. ஆனால் தொடங்கி முடியாதவை மொத்தம் எட்டு. மூன்றால் வகுத்தால் இரண்டரை வாரத்துக்கு மேல். கடைக்காரரின் பக்கமிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. குழுவாக வேலை செய்யும் இடத்தில் ‘அது என்னாச்சு?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலையில் போர்டைத் திரும்பிப் பார்க்கும் அரைமணி நேரம் இதற்காகத்தான். எத்தனை முடிந்தது என்று எண்ணினால் மட்டும் போதாது. ‘காத்திருப்பு’ கட்டத்தில் உள்ள ஒவ்வொரு கார்டையும் எடுத்து, யாரிடம் கேட்டேன், என்றைக்குக் கேட்டேன், மறுபடி எப்போது கேட்பேன் என்று மூன்றையும் எழுதவேண்டும். அவர் எழுதிப் பார்த்தபோது ஆறில் இரண்டுதான் உண்மையாகவே காத்திருந்தன. மூன்று, ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிட்டு மறந்தவை.

மிச்சம் ஒன்றுதான் சுவாரஸ்யமானது. பில்லில் பொருளின் பெயரைத் தமிழில் அச்சடிக்கவேண்டும். கடைகளில் இருக்கும் மலிவான தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியும் கட்டங்களுமாக வரும். ‘பிரிண்டர் கம்பெனியின் பதிலுக்காக’ என்று கார்டில் எழுதியிருந்தது. யாரிடம் கேட்டேன் என்ற இடத்தில் எழுத ஒரு பெயர்கூட இல்லை. அவர் மெயிலே அனுப்பவில்லை. எப்படிச் செய்வது என்று பிடிபடாத வேலையை அங்கே ஒளித்து வைத்திருந்தார். தனியாக வேலை செய்பவர்களின் போர்டுகளில் கவலைப்பட வேண்டியது இந்த ஒளிவிடத்தைப் பற்றித்தான். நீளமான பட்டியல் கண்ணை உறுத்தும், இது உறுத்தாது.

காரணம் வெளிப்பட்டதும் கார்டு உடைந்தது. ஒரு வரித் தமிழைப் படமாக மாற்றி பிரிண்டருக்கு அனுப்பிப் பார்ப்பது முதல் கார்டு, அரைநாள் வேலை. முழு பில்லையும் அப்படி அடித்தால் வேகம் தாங்குமா என்பது இரண்டாவது. பொருளின் பெயர் வரும் வரிகளை மட்டும் படமாக்கி, விலையும் எண்களும் பழையபடி எழுத்தாகவே போக விடுவது மூன்றாவது. முதல் கார்டு அடுத்த வாரமே முடிந்தது. இரண்டாவதில் நீளமான பில்கள் தயங்கித் தயங்கி வந்ததால் மூன்றாவது அவசியம் என்று தெரிந்தது.

இப்போது ‘காத்திருப்பு’ கட்டத்துக்கும் எல்லை இரண்டு. அது நிறைந்திருந்தால் புதுக் கார்டை எடுக்க அனுமதி இல்லை. கோடிங்கை மூடிவிட்டு போனை எடுக்கவேண்டும். இரண்டு முறை கேட்டும் பதில் வராத கார்டு போர்டை விட்டே வெளியேறும். தேவை இருந்தால் கடைக்காரரே கூப்பிடுவார்.

‘முடிந்தது’ கட்டத்துக்கும் ஒரு காவல் உண்டு. தன் லேப்டாப்பில் ஓடினால் கணக்கில் வராது. ஒரு கடையிலாவது அதை வைத்து பில் போட்டிருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவசரமாக அந்தக் கட்டத்துக்குள் தள்ளப்பட்ட கார்டுகள், அடுத்த இரண்டு வாரத்தில் பக் ஆகத் திரும்பி வருகின்றனவா என்று தனியாக எண்ணுகிறார். தமிழ் பில் கார்டே ஒருமுறை அப்படித் திரும்பியது: நீளமான புடவைப் பெயர் ஒன்று, காகித ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது.