நூறு விழுக்காட்டை நம்பலாமா?

அமிர்தகழியில் இருந்துகொண்டு இணையத்தில் பாவித்த போன் தேடுகிறீர்கள். ஒரே மாடல், ஒரே விலை, இரண்டு விற்பனையாளர்கள். முதலாமவருக்கு இதுவரை 12 மதிப்பீடுகள், பன்னிரண்டும் நல்லவை. அதாவது 100 விழுக்காடு. இரண்டாமவருக்கு 600 மதிப்பீடுகள், அவற்றில் 588 நல்லவை. அதாவது 98 விழுக்காடு. யாரிடம் வாங்குவீர்கள்?

இதற்கு லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி சொல்லிவிட்டார். ஒவ்வொருவர் கணக்கிலும் கற்பனையாக ஒரு நல்ல மதிப்பீட்டையும் ஒரு கெட்ட மதிப்பீட்டையும் சேருங்கள். முதலாமவருக்கு 14இல் 13, ஏறத்தாழ 93 விழுக்காடு. இரண்டாமவருக்கு 602இல் 589, ஏறத்தாழ 98. குறைந்த சாட்சிகளை வைத்துக்கொண்டு நிற்கும் நூறு சட்டென்று இறங்கிவிடுகிறது. அறுநூறு பேர் தாங்கும் எண்ணோ அசையவே இல்லை!

ஆனால் அந்த 588 பேர் எதை வாங்கினார்கள் என்றும் பாருங்கள். எல்லாமே மலிவான போன் உறைகள் என்றால், விலை கூடிய போனை விற்கும்போது அவர் எப்படி நடப்பார் என்பதற்கு அது சாட்சியாகாது. கெட்ட மதிப்பீடுகளையும் வாசியுங்கள். 'பொதி பிந்தியது' என்பது வேறு, 'பூட்டிய போன் வந்தது' என்பது வேறு.

சாட்சிகள் வாய் திறக்கத் துணிந்தார்களா என்பதும் முக்கியம். ஈபே ஏலத் தளத்தில் முன்பு விற்பவரும் வாங்குபவருக்கு மதிப்பீடு போடலாம். குறை சொன்னால் பதிலுக்குத் தனக்கும் கெட்ட பெயர் வரும் என்று பலர் பேசாமல் இருந்தார்கள். 2008இல்தான் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு போடும் வசதியை விற்பவர்களிடமிருந்து ஈபே எடுத்தது.

இக்மன் போன்ற விளம்பரத் தளத்தில், ஒரேயொரு போனை விற்க வரும் தனியாளுக்கு இப்படிப்பட்ட வரலாறே இருக்காது. அப்போது போனையே சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க அடையாள எண் உண்டு. அதன் கடைசி இலக்கம் முன்னுள்ள பதினான்கிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படுவது. அதனால் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கணக்கு உதைக்கும். மனம்போனபடி எழுதிய எண் பத்தில் ஒரு தடவைதான் தற்செயலாகப் பொருந்தும்.

விற்பவரைச் சந்திக்கப் புறப்படும் முன்பே அந்த எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு, எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். ஆனால் அனுப்பிய எண் வேறொரு போனுடையதாகவும் இருக்கலாம். ஆகவே நேரில் சந்திக்கும்போது அந்தப் போனிலேயே *#06# அழுத்துங்கள். திரையில் வருவதும், பெட்டியில் உள்ளதும், அவர் அனுப்பியதும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் வரும், அவர் அனுப்பியது அவற்றில் ஒன்றாக இருந்தால் போதும். அடுத்து, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்முன்னே அவர் வெளியேறட்டும். காசை அதற்குப் பிறகு கொடுங்கள்.